பதினான்காம் நிபந்தனை

வல்லிநாயகம் தன் கடை வாசலில் வைத்துச் சொக்கம்மாளைத் திருடி என்று சொல்லி இரண்டு வருஷமும் ஒரு மாதமும் ஆகியிருந்தது. அவள் அதை எங்கும் குறித்து வைக்கவில்லை. குறிக்காமலே நாள் தவறாமல் ஞாபகம் இருந்தது.

வல்லிநாயகம் தென்காசியில் பெரிய கான்ட்ராக்டர். ஆஸ்பத்திரி, விடுதி, சத்திரம் என்று யார் டெண்டர் விட்டாலும் துணியோ கட்டிலோ பாத்திரமோ எடுத்து சப்ளை செய்பவர். அவர் கடையில் ஏழு வருஷம் டைப் அடித்தவள் சொக்கம்மாள். 1960-ஆம் வருஷம் ஒரு டெண்டருக்குக் கடைசி நேரத்தில் விலையை அடித்துத் திருத்தினார். திருத்தின இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். "எனக்கே சொல்லித் தாரியோ?" என்று சிரித்துவிட்டு உறையை ஒட்டினார். அந்தத் திருத்தத்துக்காகவே டெண்டரைத் தள்ளிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம், வண்டிக்காரர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, அவளை வாசலுக்குக் கூப்பிட்டார். "எவன்கிட்ட காசு வாங்கினேட்டி? என் டெண்டரைக் கெடுக்க எவன் ஒனக்குக் காசு தந்தான், திருடி?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லும் முன்பே அவளுடைய பையையும் குடையையும் யாரோ கொண்டுவந்து வெளியே வைத்தார்கள்.

அவர் அதோடு விடவில்லை. போகிற இடத்திலெல்லாம் சொன்னார். தென்காசியில் எந்த ஆபீசும் அவளை எடுக்கவில்லை. வீரகேரளம்புதூரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு அவளை நிச்சயம் செய்திருந்தார்கள்; அந்த வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அவளுக்கு அப்போது முப்பது வயது. தாலுகா கச்சேரிக்கு எதிரே ஓர் ஒற்றை அறையைப் பிடித்து, வாடகை டைப்ரைட்டரில் மனுக்கள் அடித்துக் கொடுத்து அம்மாவையும் தன்னையும் பார்த்துக்கொண்டாள்.

1962 ஜூன் மாதம், சாரல் தொடங்கியிருந்த ஒரு காலையில், அப்துல் ஜப்பார் அந்த அறைக்கு வந்தார். தென்காசியில் பன்னிரண்டு கைத்தறி வைத்து நெய்து விற்கிறவர். பெரிய வியாபாரி இல்லை. செய்தித்தாளில் இருந்து வெட்டிய ஒரு துண்டை மேசைமேல் வைத்தார். குற்றாலத்தில் ஐந்தருவிப் பாதையில் இருந்த ஒரு சானடோரியம் விட்ட டெண்டர் நோட்டீஸ் அது. படுக்கை விரிப்புக்கு இரண்டாயிரம் மீட்டர் துணி, அறுநூறு துவாலை.

"தங்கச்சி, போன வருஷமும் நான் இதுக்குப் போட்டேன். ஒரு தாளு இல்லைன்னு தள்ளிட்டாவ" என்றார்.

"என்ன தாளு, அண்ணாச்சி?"

"விற்பனை வரி சர்ட்டிபிகேட். அதைக் கேட்டிருந்தாவ. எனக்கு இங்கிலீசு தெரியாதுல்லா, வல்லிநாயகத்துக்கிட்ட கேட்டேன். 'கைத்தறிக்குத்தான் வரியே கிடையாதே பாய், ஒமக்கு எதுக்கு அந்தத் தாளு'ன்னாரு. பழகின மனுசன், பொய் சொல்ல மாட்டாருன்னு நெனச்சேன். கவரைத் தெறந்ததும் மொத ஆளா என்னைத் தள்ளினாவ. பின் பெஞ்சில உக்காந்து அவரு மூக்குப்பொடி போட்டுக்கிட்டிருந்தாரு."

சொக்கம்மாள் அந்தத் துண்டை இரண்டு தடவை படித்தாள். ஏழே வரி. விவரமெல்லாம் டெண்டர் படிவத்திலும் பொது நிபந்தனைகளிலும் இருக்கும் என்று கடைசி வரி சொன்னது.

"இந்தத் தடவை அவரு போடுதாரா?"

"போடாம இருப்பாரா? மூணு வருசமா அவருதான எடுக்காரு."

"அப்ப நான் செஞ்சு தாரேன். என்னென்ன கேக்குதாங்கன்னு ஒண்ணு விடாம எடுத்து, பட்டியல் போட்டுத் தாரேன். அதுல இருக்கதை நீங்க செய்யணும். ஆனா எனக்கு ஒண்ணு வேணும் அண்ணாச்சி. கவர் தெறக்குற அன்னைக்கு ஒங்க சார்பா நான் உள்ள இருக்கணும்."

ஜப்பார் அவள் முகத்தைப் பார்த்தார். தென்காசியில் அவள் கதை தெரியாதவர்கள் குறைவு. "இருந்துக்கோ" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் இருவரும் பஸ்ஸில் குற்றாலம் போனார்கள். படிவத்தை ஜப்பார் பெயரிலேயே வாங்கச் சொன்னாள். ஒருவர் பெயரில் வாங்கியதை இன்னொருவர் போட முடியாது. ரசீதை அவள் அங்கேயே வாங்கி ஓர் உறைக்குள் வைத்தாள். "பட்டியல்ல இதுவே ஒரு இனம் அண்ணாச்சி. ரசீதைக் கூட வைக்கச் சொல்லியிருப்பாங்க" என்றாள். அப்படியே இருந்தது.

படிவமும் நிபந்தனைகளும் சேர்ந்து ஐந்து தாள், கடைசித் தாளில் பின்பக்கமும் அச்சு. அறைக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். ஒரு அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்து, ஒரு வரி முடிந்த பிறகே அடுத்த வரிக்கு இறக்கினாள். கட்டாயம் என்று பொருள்படும் 'ஷால்', 'மஸ்ட்' வந்த இடத்திலெல்லாம் சிவப்புப் பென்சிலால் கோடு. 'ப்ரிஃபரன்ஸ்' என்று வந்த இடத்தில் நீலம். அர்த்தம் இரண்டு விதமாகப் படக்கூடிய இடத்தில் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி.

வல்லிநாயகத்திடம் வேலை பார்த்தபோது ஒரு வாக்கியத்தை ஒரு வேலையாகத்தான் அவளும் எண்ணினாள். பிறகு எத்தனையோ மனுக்கள் திரும்பி வந்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். 'ஒவ்வொரு சரக்குக்கும் இரண்டு மாதிரிகளை, தனித்தனியாக முத்திரையிட்டு, இன எண் எழுதிய சீட்டுக் கட்டி, கடைசித் தேதிக்கு முந்தைய வேலை நாள் மாலை ஐந்து மணிக்குள் ஸ்டோரில் ஒப்படைத்து, அதன் ரசீதை டெண்டருடன் இணைக்க வேண்டும்' என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதை ஐந்தாக உடைத்தாள். ஐந்தில் ஒன்று விட்டாலும் நாலு செய்தது வீண்.

ஃபுல்ஸ்கேப் தாளை அகலவாட்டில் வைத்துக் கட்டம் போட்டாள். முதல் கட்டத்தில் எண். அடுத்ததில் அது எந்தப் பக்கம், எத்தனையாவது நிபந்தனை. அதற்கு அடுத்ததில் என்ன கேட்கிறார்கள் என்பது தமிழில். பிறகு யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், செய்ததற்கு என்ன அத்தாட்சி. கடைசிக் கட்டம் காலி. முடிந்ததும் டிக் போட.

நிபந்தனைகளைப் படித்துக்கொண்டே போனவளுக்குப் பதின்மூன்று வரை பழக்கமான வாசகங்கள். அவள் டைப் அடித்த காலத்தில் அந்தச் சானடோரியத்துக்குப் பதின்மூன்று நிபந்தனைகள்தான். கடைசித் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் மேலே நாலு வரி மட்டும் இருந்தது. பதினான்கு. துணிக்கு விலை மீட்டர் ஒன்றுக்கு இவ்வளவு என்றே எழுத வேண்டும். கஜம் முதலிய பழைய அளவில் எழுதிய டெண்டர்கள் பரிசீலிக்கப்படாமல் தள்ளப்படும்.

அவள் அடிக்கோலை எடுத்துவிட்டு அந்த நாலு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வல்லிநாயகம் பழைய நகலை எடுத்து வைத்து, 'இதையே அடி, தேதியை மாத்து' என்றுதான் எப்போதும் சொல்வார். அவர் கடையில் எல்லாமே கஜக் கணக்கு. அவர் இதைப் படிக்கமாட்டார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அன்று அவள் இரண்டு வேளைச் சோற்றையும் நன்றாகச் சாப்பிட்டாள்.

முப்பத்தொரு இனம் வந்தது. ஜப்பார் வீட்டுக்கே எடுத்துப் போய் அவருக்கும் அவர் மனைவி நூர்நிஷாவுக்கும் படித்துக் காட்டினாள். ஜப்பார் பாதி கேட்கும்போதே தளர்ந்துபோனார்.

"மூணு வருசத்துல வேற ஆஸ்பத்திரிக்குக் கொடுத்திருக்கணுங்கான். நான் எங்க கொடுத்தேன்? இதுல செத்தேன்."

"அது நீலக் கோடு அண்ணாச்சி. கொடுத்தவங்களுக்கு முன்னுரிமை தரலாம்னு சொல்லுதான். இல்லாதவங்களைத் தள்ளுவேன்னு சொல்லல. சிவப்புல ஒண்ணு கொறஞ்சாத்தான் சாவு."

"அப்ப அந்த இடத்தை விட்டுருவமா?"

"விடக் கூடாது. காலியா விட்டா பூர்த்தி செய்யலைம்பான். 'இல்லை'ன்னு எழுதுவோம்."

வரி சர்ட்டிபிகேட்டுக்கான இனத்தைப் படித்தபோது ஜப்பாரின் முகம் இறுகியது. பாக்கி இல்லை என்ற சான்று, அல்லது வரிக்கு உட்பட்டவர் அல்ல என்று வரி அதிகாரி தந்த சான்று, இரண்டில் ஒன்று என்று தெளிவாக எழுதியிருந்தது. போன வருஷமும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஒரு மனு எழுதிப் போட்டிருந்தால் போதும்.

"பத்து நாளாவது ஆகும். அதனால இதைத்தான் மொதல்ல செய்யணும்" என்றாள் சொக்கம்மாள். கடைசித் தேதியிலிருந்து பின்னால் எண்ணி, எதற்கு அதிக நாள் பிடிக்குமோ அதை மேலே கொண்டுவந்து, வேறொரு தாளில் தேதிவாரியாகவும் எழுதியிருந்தாள். டெண்டரோடு கட்ட வேண்டிய டேவணித் தொகை நூறு ரூபாய் பாங்கு டிராப்டாக மட்டும். ரொக்கம், செக் கூடாது. அது ஒரு நாள் வேலை. துணியின் எடை சலவைக்கு முந்தியதா பிந்தியதா என்று நிபந்தனையில் தெளிவில்லை. கேள்விக்குறி போட்டிருந்த அந்த இடத்துக்கு ஜப்பார் பெயரில் கடிதம் எழுதிக் கேட்டாள். சலவைக்கு முந்தியது என்று சானடோரியத்திலிருந்து எழுத்தில் பதில் வந்தது. அதையும் அத்தாட்சிக் கட்டத்தில் குறித்தாள்.

விலையை ஜப்பார் கஜத்தில்தான் யோசிப்பார். கஜம் ஒரு ரூபாய் அறுபது காசு என்றார். அவள் பெருக்கிப் பார்த்து, மீட்டருக்கு ஒரு ரூபாய் எழுபத்தைந்து என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதச் சொன்னாள். "பதினாலாவதை மட்டும் வெளியில பேசிராதீய" என்றாள். ஜப்பார் தலையாட்டினார்.

பட்டியல் சரிதானா என்று பார்க்க அவளுக்கு இன்னொரு கண் வேண்டியிருந்தது. நூர்நிஷாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழ் நன்றாகப் படிப்பாள். சொக்கம்மாள் படிவத்தில் ஒவ்வொரு சிவப்புக் கோட்டையும் வாய்விட்டுத் தமிழில் சொல்ல, நூர்நிஷா பட்டியலில் அதைத் தேடி விரல் வைத்தாள். பிறகு தலைகீழாக, பட்டியலில் இருந்து படிவத்துக்கு. ஒரு கோட்டுக்கு நூர்நிஷாவின் விரல் நிற்க இடம் கிடைக்கவில்லை.

"இது இங்க இல்லியே. பிரதிநிதி வந்தா அதிகாரக் கடிதம் வேணும், அதுல அவங்க மாதிரிக் கையெழுத்தும் இருக்கணும்னீங்களே. கடிதம் இருக்கு. கையெழுத்தைக் காணோம்" என்றாள்.

சொக்கம்மாள் தாளை வாங்கிப் பார்த்தாள். மற்ற முப்பதையும் அவள் சரியாக உடைத்திருந்தாள். தன்னை அந்த ஹாலுக்குள் விடுகிற ஒன்றைப் பாதியாக எழுதியிருந்தாள். முப்பத்திரண்டு என்று எண் போட்டு எழுதினாள்.

நிபந்தனை மூன்று இன்னொன்றும் சொன்னது. திருத்தங்கள் இருந்தால் சானடோரியத்தின் நோட்டீஸ் போர்டில் மட்டும் ஒட்டப்படும். பார்த்துக்கொள்வது டெண்டர் போடுகிறவர் பொறுப்பு. அதையும் ஓர் இனமாக்கி, 'ஒவ்வொரு திங்கட்கிழமையும் போர்டைப் பார்க்க வேண்டும், பார்ப்பவர்: சொக்கம்மாள்' என்று எழுதியிருந்தாள். இரண்டு திங்கள் ஒன்றும் இல்லை. மூன்றாவது திங்கள், கடைசித் தேதிக்கு எட்டு நாள் இருக்கும்போது, போர்டில் ஒரு புதுத் தாள் ஒட்டியிருந்தது. துவாலை அறுபது சென்டிமீட்டர் அகலம் என்று இருந்ததை எழுபத்தைந்து என்று படிக்கவும்.

மாதிரித் துவாலைகள் அறுபதில் நெய்து மடித்து வைத்தாகிவிட்டது. அகலம் கூடினால் தறியில் அச்சை மாற்ற வேண்டும், பாவு நூலைப் புதிதாக ஏற்ற வேண்டும். அவள் தாளைப் பார்த்து எழுத்து எழுத்தாக நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒருவன் குடையை மடக்கிவிட்டு வந்து நின்றான். செல்லச்சாமி. அவள் போன பிறகு வல்லிநாயகம் வைத்துக்கொண்ட கிளார்க். இரண்டு பிள்ளைக்காரன், மரியாதையான ஆள். தெருவில் பார்த்தால் அவளிடம் பேசுகிற சிலரில் ஒருவன்.

"சொக்கம்மாக்கா, நீங்களும் இதுக்குத்தான் வந்தியளா? துவாலையை மாத்திட்டான் போலுக்கே."

"ஆமா."

அவன் தன் படிவத்தை மடியிலிருந்து எடுத்து விரித்து, துவாலை அகலத்தைப் பென்சிலால் திருத்திக்கொண்டான். தாள் அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. விலைப் பட்டியல் முன்பே டைப் அடித்திருந்தது. துணி, கஜம் ஒன்றுக்கு என்று அவன் அடித்திருந்தது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"வேற ஏதும் புதுசா இருக்காக்கா இந்தத் தடவை? மொதலாளி பழைய நகலைத்தான் தந்தாரு. நிபந்தனையில அங்கங்க கையெழுத்தையும் போட்டுட்டாரு. எனக்கென்னவோ ஒரு தடவை முழுசாப் படிச்சா நல்லதுன்னு படுது. அவரு நேரமில்லைங்காரு."

இது சொல்வதற்குரிய இடம். அவள் வாயைத் திறந்தாள். கடை வாசலில் மண்ணில் கிடந்த தன் குடை நினைவுக்கு வந்தது.

"எனக்கென்ன தெரியும் செல்லச்சாமி? நான் ஜப்பார் அண்ணாச்சிக்காக வந்திருக்கேன்" என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

அன்று மத்தியானமே ஜப்பார் ஒரு தறியில் பழைய பாவை அறுத்து எடுத்தார். அச்சு மாற்றிப் புதுப் பாவு ஏற்ற இரண்டு நாள். மூன்றாம் நாள் துவாலைகள் தறியிலிருந்து இறங்கின. நூர்நிஷா சென்டிமீட்டர் டேப்பை வைத்து இரண்டு ஓரமும் நடுவும் அளந்தாள். சாரலில் காகிதச் சீட்டு நனைந்துவிடும் என்று துணியில் மையால் இன எண் எழுதிக் கட்டினார்கள். கடைசித் தேதிக்கு முந்தைய நாள் நாலு மணிக்கே ஸ்டோரில் ஒப்படைத்து ரசீது வாங்கினார்கள். உறையின் மேல் டெண்டர் எண்ணும் கடைசித் தேதியும் எழுதி, அரக்கு வைத்து, முப்பத்திரண்டுக்கும் டிக் போட்ட பிறகுதான் சொக்கம்மாள் கையில் ஒட்டிய அரக்கைக் கழுவினாள்.

திறக்கிற நாள் சாரல் அடங்கவில்லை. சானடோரியத்தின் நீண்ட ஹாலில் நனைந்த குடைகளை ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் சூப்பிரண்டென்ட் டாக்டரும் ஆபீஸ் குமாஸ்தாவும். எதிரே மூன்று பார்ட்டிகள்: வல்லிநாயகமும் செல்லச்சாமியும், சிவகிரியிலிருந்து வந்த ஒரு ஜவுளிக்காரர், ஜப்பாரும் சொக்கம்மாளும். குமாஸ்தா சொக்கம்மாளிடம் அதிகாரக் கடிதத்தைக் கேட்டு, அதிலிருந்த கையெழுத்தையும் வருகைத் தாளில் அவள் போட்ட கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். வல்லிநாயகம் அவளைப் பார்த்தார். "கச்சேரி வாசல்ல மனு எழுதுறதெல்லாம் இங்கன வந்து உக்காருது" என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார்.

மூன்றரை மணிக்கு உறைகளைத் திறந்தார்கள். முதலில் வல்லிநாயகத்துடையது. டாக்டர் விலையை வாசித்தார். துணி, ஒரு ரூபாய் ஐம்பத்தெட்டு காசு. ஜப்பாரின் தோள் கீழே இறங்கியது. டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார்.

"இது கஜத்துக்கா?"

"ஆமாங்கய்யா, வழக்கம் போல" என்றார் வல்லிநாயகம்.

"மீட்டருக்குத்தான் எழுதணும்னு நிபந்தனை. இதை எடுத்துக்க முடியாதே."

"அப்படி ஒரு நிபந்தனை எங்கங்கய்யா இருக்கு? மூணு வருசமா நான்தான சப்ளை பண்ணுதேன். இருந்தா எனக்குத் தெரியாமலா?" அவர் செல்லச்சாமி பக்கம் திரும்பினார். "ஏலே, இருக்கால அப்படி?"

செல்லச்சாமியின் முகம் வெளுத்துவிட்டது. "பாக்கல மொதலாளி. நீங்க பழைய நகலை..."

வல்லிநாயகம் எழுந்தார். ஹாலில் இருந்த அத்தனை பேரும் கேட்கும்படியாக, "எவன்கிட்ட காசு வாங்கினே? என் டெண்டரைக் கெடுக்க எவன் ஒனக்குக் காசு தந்தான்?" என்றார்.

அன்று கடை வாசலில் சொக்கம்மாளிடம் கேட்ட அதே வார்த்தைகள். அவள் எழுந்து நின்றாள்.

"டாக்டரய்யா, அவரு தாக்கல் பண்ணின நிபந்தனைத் தாள்ல கடைசித் தாளைத் திருப்பிப் பாக்கணும். பின்பக்கம்."

டாக்டர் திருப்பினார். நாலு வரி அச்சு. அதற்குக் கீழே, 'படித்தேன், ஏற்றுக்கொள்கிறேன்' என்று அச்சிட்ட இடத்தில், பெரிய வளைவோடு ஒரு கையெழுத்து. அவர் தாளைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

வல்லிநாயகம் உட்கார்ந்தார்.

"அதுல என்ன எழுதியிருக்குன்னு நான் சொல்லுதேன்" என்றாள் சொக்கம்மாள். நாலு வரியையும் தாளைப் பார்க்காமலே தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சிவகிரிக்காரர் பெஞ்சிலிருந்து திரும்பி வல்லிநாயகத்தைப் பார்த்தார். குமாஸ்தாவும் பார்த்தார்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி கையெழுத்துப் போடுங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன். போடல. இப்ப படிக்காம போட்டுட்டீய. அன்னைக்கு எனக்குக் காசு தந்தவன் யாருன்னு கேட்டீயளே. இன்னைக்கு ஒங்களுக்குக் காசு தந்தது யாரு, மொதலாளி?"

"அம்மா, உக்காருங்க. இங்க சண்டை வேண்டாம்" என்றார் டாக்டர். ஆனால் அவள் சொல்லி முடித்த பிறகுதான் சொன்னார். குமாஸ்தா பதிவேட்டில் எழுதினார்: நிபந்தனை பதினான்கின்படி நிராகரிப்பு, நிபந்தனைப் பக்கத்தில் டெண்டர்தாரர் கையெழுத்து உள்ளது.

வல்லிநாயகம் குடையை எடுக்காமலே வெளியே போனார். செல்லச்சாமி அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான்.

சிவகிரிக்காரரின் விலை மீட்டருக்கு ஒன்று எண்பத்திரண்டு. ஜப்பாரின் உறையிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து டாக்டர் தன் பட்டியலில் குறித்தார். எதற்கும் அவர் தலை நிமிரவில்லை, எதையும் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து ஆர்டர் ஜப்பார் பெயருக்கு வந்தது. பன்னிரண்டு தறி போதாமல் பக்கத்துத் தெருவில் இன்னும் எட்டைச் சேர்த்துக்கொண்டார்.

ஹாலில் நடந்தது அன்றிரவே தென்காசிக்கு வந்துவிட்டது. பஜாரில் ஒருவர் சொல்ல இன்னொருவர் கையெழுத்தின் வளைவைக் காற்றில் போட்டுக் காட்டினார். சொக்கம்மாளைத் திருடி என்று நம்பியவர்கள், தாங்கள் அப்போதே நம்பவில்லை என்று சொல்லத் தொடங்கினார்கள். ஒரு ஆயில் மில்லிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை. ஆவணி பிறந்ததும் ஒரு புரோக்கர் வந்து, பழையதை மறந்துவிட்டு வல்லிநாயகத்தின் டெண்டர்களைப் பார்த்துத் தர முடியுமா என்று அவர் கேட்கச் சொன்னதாகச் சொன்னான்.

"கேக்குறவரு நேர்ல வரணும். அவரு கடை வாசலுக்கு என்னைக் கூப்பிட்ட மாதிரி, நான் இந்த வாசலுக்கு அவரைக் கூப்பிடுதேன். மூட்டை தூக்குறவங்க இருக்கும்போது வரச் சொல்லு" என்றாள்.

அவர் வரவில்லை. அவர் வரமாட்டார் என்பதே அவளுக்குப் பல நாள் தித்தித்தது.

செல்லச்சாமி வந்தான். டெண்டர் திறந்த அன்று சாயங்காலமே அவனை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். ஒரு மாதம் எங்கேயும் வேலை கிடைக்காமல் அலைந்தவன், அறை வாசலில் உட்காராமல் நின்றான்.

"அன்னைக்குப் போர்டு முன்னால என் கையில இருந்த தாளை நீங்க பாத்தீயளா, யக்கா?"

"பாத்தேன்."

"கஜம்னு அடிச்சிருந்தது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா."

ஜப்பாருக்கு வேலை செய்கிறவள் எதிர்ப்பக்கத்துக்குச் சொல்லக் கூடாது என்று அவள் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்தான். ஆனால் அன்று அவள் வாயை மூடியது அதனால் இல்லை.

"சொல்லியிருந்தா அவரு திருத்தியிருப்பாரு" என்றாள்.

"நான் ஒங்களுக்கு என்ன செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல."

அவன் இன்னும் ஏதாவது சொல்வாளா என்று நின்றான். சொக்கம்மாள் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். டெண்டர் திறந்த அன்று பதிவேட்டில் எழுதியதற்கு, ஜப்பார் பெயரில் மனுப் போட்டு வாங்கிய சான்றிட்ட நகல். வல்லிநாயகமே கையெழுத்துப் போட்டிருந்த நிபந்தனையின்படி தள்ளப்பட்டது என்று அதில் சானடோரியத்தின் முத்திரையோடு இருந்தது.

"வேலை கேட்டுப் போற எடத்துல இதைக் காட்டு. நீ காசு வாங்கலைன்னு இது சொல்லும். எனக்கு அன்னைக்கு இப்படி ஒரு தாளு இல்ல."

"இதை எனக்குன்னு வாங்கி வச்சியளா?"

"ஆமா. நீ வருவேன்னு நெனச்சேன்."

"அப்ப என் வேலை போகும்னும் நெனச்சீயதான்."

அவன் தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "நல்லா இருங்க" என்றான். அதை எப்படிச் சொன்னான் என்று அவளால் கடைசிவரை முடிவுகட்ட முடியவில்லை. அடுத்த மாதம் சிவகிரியில் ஓர் அரிசி மில்லில் அவன் சேர்ந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள்.

வல்லிநாயகத்துக்குச் செய்ததை நினைத்து அவள் ஒரு நாளும் வருந்தவில்லை. கேட்டவர்களிடம் அதை அப்படியே சொன்னாள். செல்லச்சாமியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.